‘நன்றாக இருந்தது’ என்றால் எது நன்றாக இருந்தது?

‘நல்ல மழை’, ‘நல்ல காய்ச்சல்’, ‘நல்ல மனிதர்’ என்ற மூன்றையும் நாம் ஒரே நாளில் சொல்லிவிடுகிறோம். முதலாவதில் ‘நல்ல’ என்பது அளவைக் குறிக்கிறது. மழை நிறையப் பெய்தது என்பதே அதன் பொருள். இரண்டாவதில் அது கடுமையைக் குறிக்கிறது. காய்ச்சல் உடம்பை அனலாக்கியது என்று கேட்பவர் புரிந்துகொள்கிறார். மூன்றாவதில்தான் அது குணத்தைக் குறிக்கிறது. ஆனால் அந்த மனிதர் பண விஷயத்தில் நாணயமானவரா, பிறர் துன்பம் கண்டு இரங்குபவரா, எவரோடும் சண்டைக்குப் போகாதவரா என்பதை அந்தச் சொல்லால் காட்ட முடிவதில்லை. இத்தனை வேலைகளையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்றும்போது, சூழலைப் பார்த்துக் கேட்பவர் ஊகித்துக்கொள்கிறார். எதிரே நின்று பேசும்போது முகமும் குரலும் அந்த ஊகத்துக்கு உதவுகின்றன. எழுத்தில் அந்த உதவி கிடையாது. அதனால்தான் எழுதும்போது இந்தச் சொற்களின் குறை பளிச்சென்று தெரிகிறது.

‘நன்றாக இருந்தது’, ‘அருமை’, ‘மோசம்’, ‘மனதுக்குக் கஷ்டமாக இருந்தது’ போன்ற சில சொற்களையே நம் கருத்துக்கும் உணர்வுக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். இதற்குச் சொல்வளம் போதாததே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. ஏமாற்றம், நிம்மதி, சலிப்பு, பூரிப்பு, ஆதங்கம் ஆகிய சொற்களை அறியாத தமிழர் அரிது. சொல்லைத் தேடத் தொடங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை நாம் கேட்பதில்லை என்பதே உண்மையான குறை. ஆகவே நூறு சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, இரண்டு மூன்று கேள்விகளைப் பழகிக்கொள்வது தொடக்க நிலையில் அதிகம் பயன்தரும்.

அந்தக் கேள்விகளுக்குப் போவதற்கு முன் பரவலான ஒரு தவறைப் பார்த்துவிடலாம். ‘நாடகம் நன்றாக இருந்தது’ என்று எழுதிய மாணவரிடம் வேறு சொல்லைப் பயன்படுத்தச் சொன்னால், பெரும்பாலும் ‘நாடகம் அருமையாக இருந்தது’ என்று மாற்றித் தருவார். இன்னும் வற்புறுத்தினால் அற்புதம், பிரமாதம், அபாரம் என்று ஏறிக்கொண்டே போவார். பேச்சில் அது சூப்பர் என்றும் செம என்றும் ஆகும். இவை அனைத்தும் வானொலியின் ஒலியளவைக் கூட்டுவதைப் போன்றவை: சத்தம் உயர்கிறது, செய்தி மாறுவதில்லை. நாடகத்தில் எது பிடித்திருந்தது என்பது முதல் வாக்கியத்தில் தெரியவில்லை. கடைசி வாக்கியத்திலும் தெரியவில்லை. மறுபக்கத்தில் மோசம், படுமோசம், கேவலம், பயங்கரம் ஆகியவையும் இப்படியே. ‘பயங்கரமாகச் சிரித்தோம்’ என்றுகூட நாம் சொல்வதால், பயங்கரம் என்ற சொல்லில் பயம் என்பதே ஏறக்குறைய மறைந்துவிட்டது. அளவைச் சொல்லும் சொல் வேறு, தன்மையைச் சொல்லும் சொல் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், பாதி வழியைக் கடந்துவிட்டோம் எனலாம்.

முதல் கேள்வி இது: நான் பொருளைப் பற்றிச் சொல்கிறேனா, என்னைப் பற்றிச் சொல்கிறேனா? ‘அந்தப் படம் மோசம்’ என்று ஒருவர் சொல்லும்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. கதையில் முன்பின் பொருத்தம் இல்லை, காட்சிகள் இழுக்கப்பட்டுள்ளன என்பது படத்தைப் பற்றிய கருத்து. பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குச் சலிப்பாக இருந்தது, அல்லது ஒரு காட்சி அருவருப்பைத் தந்தது என்பது அவருடைய உணர்வு. இந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழ் இலக்கணமே வழி வைத்திருக்கிறது. உணர்வைச் சொல்லும்போது உணர்பவரை நான்காம் வேற்றுமையில் வைத்து ‘எனக்குச் சலிப்பாக இருந்தது’, ‘அவளுக்கு எரிச்சல் வந்தது’ என்று சொல்கிறோம். கருத்தைச் சொல்லும்போது பொருளை எழுவாயாக்கி ‘கதை தொய்வாக இருந்தது’ என்கிறோம். எனவே சொல்ல வந்த வாக்கியத்தில் ‘எனக்கு’ என்ற சொல்லைச் சேர்த்துப் பார்த்தால் போதும். அது இயல்பாகப் பொருந்தி, அதுவே சொல்ல வந்ததாகவும் இருந்தால் தேட வேண்டியது உணர்வுச் சொல். பொருந்தவில்லை என்றால் தேட வேண்டியது பொருளின் தன்மையைக் குறிக்கும் சொல். ‘நன்றாக இருந்தது’ என்பது இரண்டு இடங்களிலும் பொருந்திவிடுகிறது. அந்த வசதியே அதன் குறையும் ஆகும்.

பொருளைப் பற்றிய கருத்தானால், அடுத்து எதிர்நிலையைக் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு ‘சாம்பார் நன்றாக இருந்தது’ என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். அது நன்றாக இல்லாமல் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ‘தண்ணீராக ஓடியிருக்கும்’ என்ற விடை வந்தால், உங்களுக்குப் பிடித்தது அதன் கெட்டித்தன்மை. ‘புளிப்பு தூக்கலாக இருந்திருக்கும்’ என்றால், பிடித்தது புளியும் பருப்பும் அளவாகச் சேர்ந்திருந்தது. ‘வாசனையே இல்லாமல் சப்பென்று இருந்திருக்கும்’ என்றால், தாளித்த பெருங்காயமும் கடைசியில் தூவிய கொத்தமல்லியும் தந்த மணத்தைத்தான் பாராட்ட நினைத்திருக்கிறீர்கள். ஒரே ‘நன்றாக’ என்ற சொல்லுக்குப் பின்னால் மூன்று வேறு கருத்துகள் நின்றிருப்பதை இப்போது பார்க்கலாம். எது உங்களுடையது என்பதை எதிர்நிலைதான் காட்டிக்கொடுத்தது. சமைத்தவருக்கும் ‘மணம் அருமை’ என்பதைவிட ‘பெருங்காய வாசனை எழுந்து வந்தது’ என்பதே நினைவில் நிற்கும். சமையல் என்று வந்துவிட்டால் தமிழில் சொற்களுக்குக் குறைவே இல்லை: சோறு குழைந்திருக்கலாம், பொலபொலவென்று இருக்கலாம், விறைத்திருக்கலாம், இனிப்பு திகட்டலாம், மிளகு காட்டமாக இருக்கலாம், வடை மொறுமொறுப்பு இழந்து சவசவத்திருக்கலாம். சுவையைப் பற்றிப் பேசும்போது இவ்வளவு நுட்பமாகப் பேசும் நாம், ஒரு கட்டுரையையோ மனிதரையோ பற்றிப் பேசும்போது ‘நல்ல’ என்ற ஒன்றோடு நின்றுவிடுவது வருத்தத்துக்குரியது.

மனிதரைப் பற்றிச் சொல்லும்போதும் இதே சோதனை செல்லும். ‘எங்கள் மேலாளர் நல்லவர்’ என்பதற்கு எதிர்நிலையாக ‘எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுபவர்’ என்பது மனதில் வந்தால், பொறுமையானவர் என்பதே உரிய சொல். ‘ஆளுக்கொரு நியாயம் பேசுபவர்’ என்பது வந்தால் நடுநிலையானவர். ‘விடுப்பு கேட்டால் முகம் சுளிப்பவர்’ என்பது வந்தால் விட்டுக்கொடுப்பவர், அல்லது நம் நிலையைப் புரிந்துகொள்பவர். பொறுமையானவர் நடுநிலை தவறலாம். நடுநிலையானவர் கறாராகவும் இருக்கலாம். அவரிடம் புதிதாக வேலைக்குச் சேரப்போகும் ஒருவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருப்பது முக்கியம்.

உணர்வுக்கு வருவோம். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, இது எதனால் வந்தது என்பது. உணர்வுகளை அவற்றின் காரணத்தைக் கொண்டு பிரித்தறியும் முறை தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் உள்ள மெய்ப்பாட்டியல் என்னும் பகுதி நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்களாக நந்நான்கைக் காட்டுகிறது. மருட்கை என்னும் வியப்பு பிறப்பது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கினால். பெரிய கோபுரத்தைக் கண்டும் வியக்கிறோம், அரிசியில் எழுதிய எழுத்தைக் கண்டும் வியக்கிறோம். பெருமையையும் சிறுமையையும் தனித்தனிக் காரணங்களாக அந்நூல் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த நுட்பம். அழுகைக்கு அது கூறும் காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவை: பிறரால் இழிவுபடுதல், உள்ளதை இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தளர்தல், இல்லாமை. கண்ணீர் ஒன்றாகத் தோன்றினாலும் அதன் ஊற்று நான்கு என்பது இதன் பொருள். நமக்கு அந்தப் பட்டியல் முழுவதும் தேவையில்லை; காரணத்தைக் கேட்டால் பெயர் கிடைக்கும் என்ற அந்த முறை போதும்.

மகிழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். ‘சந்தோஷமாக இருக்கிறது’ என்ற வாக்கியம் எல்லா மகிழ்ச்சிக்கும் பொதுவானது. அறுவை சிகிச்சை முடிந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னபோது வருவது நிம்மதி. முன்பு கவலை இருந்திருந்தால்தான் நிம்மதி வர முடியும். பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கும்போது பெற்றோருக்கு வருவது பூரிப்பு; அது பெரும்பாலும் தனக்கு வேண்டியவரின் உயர்வைக் கண்டு வருவது. நீண்ட நாள் இழுத்த வேலையைக் குறையின்றி முடித்தபின் வருவது மனநிறைவு. நாளை ஊருக்குப் போகப்போகிறோம் என்று இன்றே துள்ளுவது உற்சாகம். எதிர்பாராத ஒருவர் காட்டிய அன்பில் கண் கலங்குவது நெகிழ்ச்சி. துயரத்தில் இருக்கும்போது ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனதால் பாரம் சற்றுக் குறைவது ஆறுதல். துயரம் நீங்கிவிடவில்லை என்பதால் அதை நிம்மதி என்று சொல்ல முடியாது. இந்தச் சொற்களுக்குள் காரணம் மட்டுமன்றிக் காலமும் அடங்கியிருக்கிறது. உற்சாகம் செயலுக்கு முன்னும் செயலின்போதும் இருப்பது. மனநிறைவு செயலுக்குப் பிறகு வருவது. காரணம் பிடிபடாதபோது, இது நடந்ததைப் பற்றியதா, நடக்கப்போவதைப் பற்றியதா என்று கேட்டுப் பார்ப்பதும் உதவும்.

துன்பத்தில் இந்த வேறுபாடுகள் இன்னும் கூர்மையானவை. அவற்றைக் கலந்துவிடுவதால் வரும் தீங்கும் அதிகம். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றால் ஏமாற்றம். விரும்பும் ஒன்று தொலைவில் இருக்கிறது, அது வேண்டும் என்று மனம் இழுக்கிறது என்றால் ஏக்கம். இப்படிச் செய்திருக்கலாமே, செய்யவில்லையே என்ற அக்கறை கலந்த வருத்தம் ஆதங்கம். நெருக்கமானவரின் சொல்லோ செயலோ புண்படுத்தி, அதை வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளே வைத்திருப்பது மனத்தாங்கல். முன்பின் தெரியாதவரிடம் நமக்குக் கோபம் வரலாம், மனத்தாங்கல் வராது. பலமுறை முயன்றும் பலனின்றி, இனி எதுவும் மாறாது என்று மனம் விட்டுப்போவது விரக்தி. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது சலிப்பு. இவை எல்லாவற்றுக்கும் ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால், கேட்பவரால் உரிய முறையில் உதவ முடிவதில்லை. ஏமாற்றம் அடைந்தவருக்கு அடுத்த வாய்ப்பைக் காட்டலாம். மனத்தாங்கல் கொண்டவருக்கு அதனால் பயனில்லை, உரியவர் வந்து பேச வேண்டும். விரக்தியில் இருப்பவரிடம் இன்னொரு முறை முயன்று பார் என்று சொல்வது அவரை மேலும் தளரச் செய்யும்.

இந்தக் கேள்விகளை ஒரு பத்தியில் பொருத்திப் பார்க்கலாம். பள்ளி ஆண்டு விழாவில் நடந்த நாடகத்தைப் பற்றி ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: ‘நாடகம் மிகவும் நன்றாக இருந்தது. அனைவரும் நன்றாக நடித்தார்கள். ஒலி அமைப்பு மோசமாக இருந்தது. முடிவு எனக்குக் கஷ்டமாக இருந்தது.’ நான்கு வாக்கியங்களிலும் பிழை இல்லை. ஆனால் இதே நான்கு வாக்கியங்களை எந்தப் பள்ளியின் எந்த நாடகத்துக்கும் அப்படியே எழுதிவிடலாம். ஒரு சொல் துல்லியமற்றது என்று கண்டுகொள்ள இதைவிட எளிய அடையாளம் எனக்குத் தெரியாது: வாக்கியத்தைத் தூக்கி வேறொரு நிகழ்ச்சியில் வைத்தாலும் அது பொருந்தினால், அதில் இன்னும் சொல்லப்படாதது இருக்கிறது.

முதல் வாக்கியம் பொருளைப் பற்றியது. ஆகவே எதிர்நிலையைக் கேட்கிறோம். நாடகம் நன்றாக இல்லாமல் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்? ‘சென்ற ஆண்டு நாடகம் போல, நடுவில் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்’ என்று அவள் சொல்கிறாள். அப்படியானால் அவள் கண்டது விறுவிறுப்பு. இரண்டாவது வாக்கியத்தில் ‘அனைவரும்’ என்பதே முதலில் கேள்விக்குரியது. உண்மையில் யாருடைய நடிப்பு நினைவில் நிற்கிறது என்று கேட்டால், தாயாக நடித்த பெண் என்கிறாள். அவள் நன்றாக நடிக்கவில்லை என்றால்? ‘வசனத்தை ஒப்பிப்பது போல இருந்திருக்கும்.’ ஆகவே தேடிய சொல் இயல்பு. மூன்றாவது வாக்கியத்தில் மோசம் என்பது எதைக் குறிக்கிறது? ஒலி குறைவாக இருந்ததா, விட்டு விட்டுக் கேட்டதா, இரைச்சலாக இருந்ததா? ஒலிவாங்கிக்கு அருகில் யார் வந்தாலும் கீச்சென்ற ஒலி எழுந்தது என்கிறாள். இதைச் சொல்ல மோசம் என்ற சொல்லே தேவையில்லை. நடந்ததைச் சொன்னால் போதும்.

நான்காவது வாக்கியத்தில் ‘எனக்கு’ என்பது முன்பே இருக்கிறது. எனவே அது உணர்வு, காரணத்தைக் கேட்க வேண்டும். முடிவில் மகன் திரும்பி வருவதற்குள் தாய் இறந்துவிடுகிறாள். தாயைக் கண்டு இரக்கமா, மகன் மீது கோபமா? சற்று யோசித்துவிட்டு, மகன் கடிதமாவது போட்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது என்கிறாள். செய்திருக்கலாமே, செய்யவில்லையே என்ற நினைப்பு ஆதங்கம். இப்போது பத்தி இப்படி மாறுகிறது: ‘யாரும் இருக்கையை விட்டு எழாத அளவுக்கு நாடகம் விறுவிறுப்பாக நகர்ந்தது. தாயாக நடித்த மாணவி வசனத்தை ஒப்பிக்காமல், நம் வீட்டில் ஒருவர் பேசுவதைப் போல இயல்பாகப் பேசினாள். ஒலிவாங்கியை நெருங்கும்போதெல்லாம் கீச்சென்ற ஒலி எழுந்து சில வசனங்களை விழுங்கிவிட்டது. மகன் ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாமே என்ற ஆதங்கம் நாடகம் முடிந்த பின்பும் எனக்குத் தீரவில்லை.’ இதில் அகராதியைப் புரட்டித் தேட வேண்டிய சொல் ஒன்றும் இல்லை. விறுவிறுப்பும் இயல்பும் ஆதங்கமும் அவளுக்கு முன்பே தெரிந்த சொற்கள்தான். மேலும், விறுவிறுப்பு என்பதும் தனியாக நின்றால் தேய்ந்த சொல்லாகிவிடும். அதனருகே ‘யாரும் எழவில்லை’ என்ற சான்று நிற்பதால்தான் அதற்கு உயிர் வருகிறது. துல்லியமான சொல் கிடைக்காதபோது, இப்படிப்பட்ட சான்றை மட்டும் எழுதிவிட்டுச் சொல்லை விட்டுவிடுவதும் சரியான வழியே.

தொடக்கத்தில் நேரும் பிழைகள் சில உண்டு. புதிதாகக் கற்ற சொல்லை அதன் அளவுக்கு மீறிய இடத்தில் வைப்பது முதலாவது. ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்கு ‘விரக்தி அடைந்தேன்’ என்று எழுதினால், படிப்பவர் எழுதியவரின் வாழ்க்கையைப் பற்றியே அஞ்சத் தொடங்கிவிடுவார். அங்கே ஏமாற்றம் போதும். பேருந்து தாமதமானதற்கு வருவது எரிச்சல். அதை ஆத்திரம் என்றால் பொருந்தாது. சினத்தின் படிகளை அறிய எளிய வழி, அதைத் தொடர்ந்து நாம் என்ன செய்வோம் என்று பார்ப்பது. எரிச்சலில் முகம் சுளிப்போம், கோபத்தில் கேட்டுவிடுவோம், ஆத்திரத்தில் யோசியாமல் எதையாவது செய்துவிடுவோம்.

இரண்டாவது, சொல்லின் நடையைக் கவனியாமல் விடுவது. உவகை, களிப்பு, வெகுளி, இளிவரல் ஆகியவை செய்யுளிலும் இலக்கணத்திலும் வாழும் சொற்கள். ‘தங்கள் கடிதம் கண்டு களிப்புற்றேன்’ என்று அலுவலகத்துக்கு எழுதினால், துல்லியம் கூடுவதற்குப் பதிலாகச் செயற்கைத்தன்மை கூடும். மூன்றாவது, சொல்லோடு சேரும் வினையைத் தவறவிடுவது. தமிழில் உணர்வுப் பெயர்கள் எல்லா வினைகளோடும் சேர்வதில்லை: கோபம் வருகிறது, ஏமாற்றம் அடைகிறோம், கவலை கொள்கிறோம், ஆத்திரம் மூள்கிறது, ஆவல் எழுகிறது, பொறாமைப்படுகிறோம். ‘ஏமாற்றம் வந்தது’, ‘நிம்மதி மூண்டது’ என்று எழுதினால், சரியான சொல்லைக் கண்டுபிடித்தும் வாக்கியம் தடுமாறுகிறது. ஆகவே புதிய சொல்லைக் குறித்து வைக்கும்போது தனிச்சொல்லாகக் குறிக்காமல், அது எந்த வினையோடு வந்ததோ அந்த வாக்கியத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்னதனால், நல்ல என்ற சொல்லை எங்கும் எழுதக்கூடாது என்று ஆகிவிடாது. நல்ல வேளை, நல்ல நாள், நல்ல செய்தி, நல்ல புத்தி ஆகியவை மொழியில் உறைந்துபோன தொடர்கள். அவற்றை மாற்ற முயல்வது வீண். ‘உடம்பு நன்றாக இருக்கிறதா?’ என்ற நலவிசாரிப்புக்கு ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதே தகுந்த விடை. கேட்டவர் உணர்வின் வகையை எதிர்பார்க்கவில்லை. விருந்துக்கு அழைத்தவரிடம் விடைபெறும்போது வாசலில் நின்று சொல்லும் ‘எல்லாம் நன்றாக இருந்தது’ என்பதும் மரியாதைச் சொல்லே. கருத்தோ உணர்வோ இன்னும் தெளிவாகாதபோதும் பொதுச்சொல்லோடு நிற்பதுதான் நேர்மை. ஒரு நூலைப் பாதி படித்த நிலையில் ‘இதுவரை நன்றாகப் போகிறது’ என்று சொல்வதில் தவறில்லை. முழுதும் படித்து முடித்தபின், யாராவது அதை வாங்கலாமா என்று நம்மிடம் கேட்கும்போதுதான் எது நன்றாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு நமக்கு வருகிறது.